ஆறு விநாடியா, தவிர்க்கும் பொத்தானா?
யூடியூப் விளம்பர வடிவங்களும் அவற்றின் செலவுக் கணக்கும்

நடைமுறை மூலதனக் கடனுக்காகச் சிறு வணிகர்கள் அளிக்கும் செலவுத் திட்டங்களில் முன்பெல்லாம் 'விளம்பரம்' என்ற தலைப்பின் கீழ்த் துண்டறிக்கை, பெயர்ப்பலகை, உள்ளூர் நாளிதழ் ஆகியவை இடம்பெறும். இப்போது அந்த வரிசையில் யூடியூப்பும் சேர்ந்துவிட்டது. தொகை எழுதப்பட்டிருக்கும், ஆனால் அந்தத் தொகையில் எவ்வகை விளம்பரம் வாங்கப்படும், அதனிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இராது. விளம்பரத்தின் வடிவம் தவறாக அமைந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் வீணாகும் என்பதால், அந்தக் கேள்வியை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு காணொளிக்கு முன்னரோ இடையிலோ வரும் விளம்பரங்களில் மூன்று வகைகள் முதன்மையானவை. முதலாவது பம்பர் விளம்பரம். 6 விநாடிக்கு மேல் போகக் கூடாது, பார்ப்பவர் தவிர்க்கவும் முடியாது. இரண்டாவது தவிர்க்கத்தக்க விளம்பரம். 5 விநாடி கழிந்ததும் 'தவிர்' என்னும் பொத்தான் திரையில் தோன்றும். மூன்றாவது தவிர்க்க இயலாத விளம்பரம். பொதுவாக 15 விநாடி, வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் 30 விநாடி வரையிலும் உண்டு. இவற்றுள் தவிர்க்கத்தக்க வகையை யூடியூப் 2010ஆம் ஆண்டின் இறுதியிலும், பம்பரை 2016இலும் அறிமுகப்படுத்தின. எல்லாத் திரைகளிலும் வந்துகொண்டிருந்த 30 விநாடித் தவிர்க்க இயலாத விளம்பரத்தை 2018இல் அது கைவிட்டது. பின்னர் தொலைக்காட்சித் திரைக்கு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

கால அளவைவிட வணிகர் கவனிக்க வேண்டியது, பணம் எந்தக் கணத்தில் கழிக்கப்படுகிறது என்பதையே. பம்பருக்கும் தவிர்க்க இயலாத விளம்பரத்துக்கும் ஆயிரம் தோற்றங்களுக்கு இவ்வளவு என்று கட்டணம். தோற்றம் என்பது விளம்பரம் ஒரு முறை ஒருவர் திரையில் வருவது. அவர் விரும்பினாரா, அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாரா என்பது கணக்கில் இல்லை. தவிர்க்கத்தக்க விளம்பரத்தைப் 'பார்வைக்கு இவ்வளவு' என்ற முறையில் வாங்கினால் கதை வேறு. பார்ப்பவர் 30 விநாடி வரை தொடர்ந்தாலோ, படம் அதைவிடச் சிறியதாயின் முழுவதும் பார்த்தாலோ, அதற்கு முன்பே விளம்பரத்தைத் தொட்டு நம் இணையதளத்துக்குச் சென்றாலோ மட்டுமே கட்டணம் உண்டு. ஆறாம் விநாடியில் வெளியேறியவருக்காக நாம் ஒரு காசும் கொடுப்பதில்லை. இருபதாம் விநாடியில் வெளியேறியவருக்கும் அப்படியே.

இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மும்பை மாதுங்காவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் முலுண்டில் இரண்டாவது கடை திறக்கிறார். அத்துடன், இணையதளம் வழியே ஆர்டர் பெற்று நகரெங்கும் வீட்டுக்கே தூள் அனுப்பும் ஏற்பாட்டையும் தொடங்குகிறார். இரண்டுக்குமாக 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். கீழே வரும் கட்டண விகிதங்கள் அனைத்தும் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மை விலை ஒவ்வொரு நாளும் ஏலத்தில் அமைவதால் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

உரிமையாளரின் இரண்டு நோக்கங்களும் ஒன்றல்ல. முலுண்ட் வாசிகள் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு "இது நமக்குத் தெரிந்த பெயராயிற்றே" என்று எண்ண வேண்டும். இது அறிமுகம். வீட்டு விநியோகத்திலோ, பார்த்தவர் அன்றே 250 கிராம் மாதிரிப் பொட்டலத்துக்கு ஆர்டர் தர வேண்டும். இது நேரடி விற்பனை. அறிமுகத்துக்குப் பலரிடம், பலமுறை, குறைந்த செலவில் சென்றாக வேண்டும். நேரடி விற்பனைக்குச் சிலரிடம் சென்றால் போதும். ஆனால் அந்தச் சிலர் வாங்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

அறிமுகத்துக்குப் பம்பரைத் தேர்ந்து 30,000 ரூபாய் செலவிடுகிறார் என்போம். ஆயிரம் தோற்றங்களுக்கு 100 ரூபாய் எனில் 3 லட்சம் தோற்றங்கள் கிடைக்கும். முலுண்டிலும் சுற்றுப்புறங்களிலும் 60,000 பேர் மூன்று வாரத்தில் தலைக்கு ஐந்து முறை கண்டால் அது நல்ல பயன். அதே 3 லட்சம், 15,000 பேருக்குத் தலைக்கு இருபது முறையாகப் போய்ச் சேர்ந்தால் எரிச்சலே மிஞ்சும். இரண்டிலும் தோற்றங்களின் எண்ணிக்கை ஒன்றே என்பதால் அந்த எண்ணைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை. அறிக்கையில் எத்தனை தனி நபர்களைச் சென்றடைந்தது, ஒருவருக்குச் சராசரியாக எத்தனை முறை என்ற இரண்டு பத்திகளைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கு வாரத்தில் இத்தனை முறைக்கு மேல் காட்ட வேண்டாம் என்று வரம்பிடும் வசதியும் உண்டு. அதைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடுவது நல்லது.

ஆறு விநாடிக்குள் எதைச் சொல்வது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். தயாராக உள்ள 30 விநாடிப் படத்தை வெட்டிச் சுருக்கி, அதில் கடையின் பழம்பெருமை, இரு முகவரிகள், தொலைபேசி எண், தள்ளுபடி எல்லாவற்றையும் திணிப்பர். பார்ப்பவர் மனத்தில் எதுவும் தங்காது. பம்பர் ஒரு பெயரையும் ஒரு காட்சியையும் சுமக்கும். அதற்கு மேல் சுமக்காது. ஃபில்டரிலிருந்து டிகாக்ஷன் சொட்டும் இரண்டு விநாடி, பொட்டலமும் கடைப்பெயரும் திரையை நிறைக்கும் மூன்று விநாடி, "இனி முலுண்டிலும்" என்ற ஒரு வரி; அவ்வளவே. ஒலியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக் காட்டினால், கடைப்பெயர் என்ன என்று பார்த்தவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் படத்தைத் திரும்ப எடுப்பதே சிக்கனம். மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் இளையோரில் பலர் தமிழில் சரளமாகப் பேசினாலும் படிக்கத் தயங்குவதால், பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் காட்டுவதும் இங்கே போதாது.

இனி அடுத்த 30,000 ரூபாய். இதைத் தவிர்க்கத்தக்க விளம்பரத்தில், பார்வைக்கு இவ்வளவு என்ற முறையில் உரிமையாளர் இடுகிறார். முதற்படம் இனிமையாகத் தொடங்குகிறது: அதிகாலை, குக்கிராமம், காப்பித் தோட்டத்தின் மேல் பனி. ஒரு பார்வைக்கு 40 காசு வீதம் 75,000 பார்வைகள் வருகின்றன. விளம்பரம் தோன்றியவர்களில் நான்கில் ஒருவர் தவிர்க்காமல் பார்த்திருக்கிறார், உரிமையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 750 பேர், இணையதளத்துக்கு வருகின்றனர். அவர்களில் நூற்றுக்கு நால்வர் வாங்குகின்றனர். மொத்தம் 30 ஆர்டர்கள். ஓர் ஆர்டரைப் பெற 1,000 ரூபாய் செலவாகியிருக்கிறது.

இது அதிகமா, இல்லையா என்பதைப் படமோ பார்வை எண்ணிக்கையோ சொல்லாது. கடையின் கணக்குப் புத்தகந்தான் சொல்லும். நிரந்தரமாக வாங்கும் ஒரு வீட்டினால் மாதம் 100 ரூபாய் லாபம் என்றும், அந்த வீடு சராசரியாக ஓராண்டு தொடரும் என்றும் கொள்வோம். அப்படியாயின் ஒரு நிரந்தர வாடிக்கையாளரின் மதிப்பு 1,200 ரூபாய். ஆனால் மாதிரிப் பொட்டலம் வாங்கிய எல்லோரும் தொடர மாட்டார்கள். இருவரில் ஒருவர் தொடர்ந்தால், ஓர் ஆர்டரின் மதிப்பு 600 ரூபாய்தான். அதைப் பெற 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஆர்டருக்கு 400 ரூபாய் நட்டம். நட்டத்துக்குக் கடன் பணமும் வட்டியும் வேறு.

பட்ஜெட்டைக் குறைப்பதோ கூட்டுவதோ இங்கே தீர்வாகாது. தவிர்க்கும் பொத்தானை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதிலேயே பிழை இருக்கிறது. நேரடி விற்பனையில் அந்தப் பொத்தான் ஒரு சல்லடை. வாங்க மாட்டாதவர் கட்டணம் விழுவதற்கு முன்பே வெளியேறுவது நமக்கு நன்மை. பனி படர்ந்த தோட்டத்தின் அழகு, உடனடிக் காப்பி குடிப்பவரையும் டீ குடிப்பவரையும் முப்பதாம் விநாடி வரை அமர வைத்து, அவர்களுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கிவிட்டது.

ஆகவே இரண்டாவது படத்தில் முதல் ஐந்து விநாடி நேராக ஆளைக் கூப்பிடுகிறது: "வீட்டில் ஃபில்டர் காப்பி போடுகிறீர்களா? மும்பையில் எங்கே இருந்தாலும், இன்று அரைத்த தூள் நாளை உங்கள் வீட்டில்." ஃபில்டர் இல்லாத வீட்டார் ஐந்தாம் விநாடியில் போய்விடுகிறார்கள். மீதியுள்ளோருக்குக் கொட்டையின் வகை, சிக்கரி சேர்த்தது, சேர்க்காதது என்ற தெரிவு, மாதிரிப் பொட்டலத்தின் விலை ஆகியவை இருபது விநாடிக்குள் சொல்லப்படுகின்றன. பொத்தானைத் தொடச் சொல்லும் அழைப்பு அதன் பின்னரே வருகிறது. விளம்பரத்தைக் காட்டும் வட்டமும் குறுக்கப்படுகிறது. காப்பித்தூள், காப்பி ஃபில்டர் போன்றவற்றை அண்மையில் கூகுளில் தேடியவர்களை மட்டும் குறிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது.

விளைவைப் பார்ப்போம். குறுகிய வட்டத்தில் போட்டி அதிகம்; தவிர்ப்போர் கூடினால் அதே இடத்தை ஏலத்தில் வெல்லப் பார்வைக்குச் சற்று உயர்த்தியும் கேட்க வேண்டியிருக்கும். எனவே பார்வை ஒன்று 50 காசு ஆகிறது. 30,000 ரூபாய்க்கு 60,000 பார்வைகளே கிடைக்கின்றன. தவிர்ப்போர் விகிதமும் உயர்ந்துவிட்டது. அறிக்கையின் முதற்பக்கத்தை மட்டும் பார்ப்பவர் இந்தப் படம் தோற்றுவிட்டது என்றே முடிவு கட்டுவார். ஆனால் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர், அதாவது 900 பேர், தளத்துக்கு வருகின்றனர். அவர்களில் நூற்றுக்கு அறுவர் வாங்கினால் 54 ஆர்டர்கள். ஆர்டர் ஒன்றுக்குச் செலவு ஏறத்தாழ 555 ரூபாய். அறுநூறுக்குக் கீழே இறங்கிவிட்டது, வணிகம் நிற்கும்.

இதே வேலையைப் பம்பரிடம் கொடுத்திருந்தால்? பம்பரையும் தொட்டுத் தளத்துக்குச் செல்ல முடியும். ஆனால் விலையையும் விவரத்தையும் கேட்டு மனம் இசைவதற்குள் ஆறு விநாடி முடிந்து, பார்ப்பவர் தேர்ந்த காணொளி ஓடத் தொடங்கியிருக்கும். மேலும் அங்கே சல்லடை இல்லை; வாங்குபவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே கட்டணம். மறுபுறம், முலுண்ட் கடை அறிமுகத்துக்கு அந்த இரண்டாவது படத்தைப் பயன்படுத்தியிருந்தால், ஃபில்டர் இல்லாதவர் எல்லாரும் கடைப்பெயரைக் காணும் முன்பே போயிருப்பார்கள். நாளை அவர்கள் வீட்டுக்கு விருந்தினர் வரும்போது காப்பித்தூள் எங்கே வாங்கலாம் என்ற நினைவு எழ வேண்டுமே. அதற்கு அந்தப் படம் உதவாது.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தவிர்க்கத்தக்க விளம்பரம் என்றாலே தவிர்த்தவருக்குக் கட்டணம் இல்லை என்று பலர் நம்புகின்றனர். பார்வைக்கு இவ்வளவு என்ற முறையில் வாங்கும்போது மட்டுமே அது உண்மை. அதே வடிவத்தை ஆயிரம் தோற்றங்களுக்கு இவ்வளவு என்றும் வாங்கலாம்; அறிமுகத்துக்காகப் பெரிய நிறுவனங்கள் அவ்வாறு செய்வதுண்டு. 'அதிக ஆர்டர்கள் பெற்றுத் தருக' என்று ஏல முறையைத் தேர்ந்தாலும் கட்டணம் தோற்றத்தின் அடிப்படையிலேயே கழியும். அப்போது யார் வாங்கக்கூடும் என்று கணிக்கும் பொறுப்பைக் கூகுளின் அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. சல்லடை நம் படத்திலிருந்து அவர்கள் கணிப்புக்கு இடம் மாறுகிறது. அந்தக் கணிப்பு நடந்து முடிந்த ஆர்டர்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. வாரத்துக்கு ஏழெட்டு ஆர்டர் பெறும் கடையில் கற்றுக்கொள்ளப் போதிய பாடம் இராது. எனவே சிறு வணிகர் பார்வைக் கட்டணத்தில் தொடங்கி, ஆர்டர்கள் பெருகிய பின் அடுத்த முறைக்கு மாறுவதே தக்கது என்பது நம் கருத்து.

தவிர்க்க இயலாத 15 விநாடி விளம்பரத்தைப் பற்றி இதுவரை அதிகம் பேசாததற்குக் காரணம் உண்டு. இந்தக் கடைக்கு அது தேவையில்லை. ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினால்தான் புரியும் செய்தியைப் பலரிடம் முழுமையாகக் கொண்டு சேர்க்க வேண்டும் என்னும்போது அது பொருந்தும். யாரும் முன்பு கண்டிராத ஒரு சமையலறைக் கருவி எப்படி இயங்குகிறது என்று காட்டுவதற்கு ஆறு விநாடி போதாது. தவிர்க்கும் பொத்தான் இருந்தால் விளக்கம் பாதியில் அறுபடும். அத்தகைய அறிமுகத்துக்கு இதுவே வழி. வழக்கமாகப் பம்பரைவிட விலை கூடுதல். நேரடி விற்பனைக்கு ஏற்றதன்று. விருப்பமில்லாதவரையும் பிடித்து அமர்த்தி அவருக்கும் பணம் கட்டுகிறோம். தொலைக்காட்சித் திரையில் வந்தால் தொடுவதற்கு விரலும் பயன்படாது.

இந்த வகையின் அறிக்கையில் இன்னொரு மயக்கம் உண்டு. முழுவதும் பார்த்தோர் விகிதம் ஏறத்தாழ நூறு விழுக்காடு என்று காட்டும். தவிர்க்க முடியாத ஒன்றை எல்லாரும் முழுவதும் பார்ப்பதில் வியப்பென்ன? அந்த எண்ணைத் தவிர்க்கத்தக்க படத்தின் எண்ணோடு ஒப்பிட்டு வடிவத்தைத் தெரிவு செய்வது தவறு. அதேபோல், பம்பரும் தவிர்க்க இயலாத விளம்பரமும் யூடியூப் பக்கத்தில் பொதுவில் தெரியும் பார்வை எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. மூன்று லட்சம் தோற்றங்களுக்குப் பணம் கட்டியும் காணொளியின் கீழே சில நூறு பார்வைகளே இருப்பதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாகக் கருத வேண்டியதில்லை.

உண்மையாகவே பணம் கசியும் இடம் வேறு. 'விளம்பரங்கள் தோன்றிய இடங்கள்' என்ற அறிக்கையைத் திறந்தால், எந்தெந்த அலைவரிசைகளில் நம் படம் ஓடியது என்ற பட்டியல் வரும். அதில் குழந்தைப் பாடல்களும் கேலிச்சித்திரங்களும் முன்வரிசையில் இருப்பது அரிதன்று. சோறு ஊட்டும்போது கையில் கொடுக்கப்பட்ட கைப்பேசியில் மூன்று வயதுக் குழந்தை எதையும் தவிர்க்காது. காப்பித்தூள் விளம்பரத்தையும் கடைசிவரை பார்க்கும். பார்வை எண்ணிக்கை உயரும், தளத்துக்கு யாரும் வர மாட்டார்கள். பார்வை மிகுந்து தள வருகை மட்டும் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. அத்தகைய அலைவரிசைகளை விலக்கும் வசதியை முதல் வாரத்திலேயே பயன்படுத்த வேண்டும்.

நேரடி விற்பனைக் கணக்கு ஆர்டர்களைச் சரியாக எண்ணுவதைப் பொறுத்தது. ஆர்டர் முடிந்ததும் 'நன்றி' என்று காட்டும் பக்கத்தில் கூகுள் தரும் கண்காணிப்புக் குறிமுறையைச் சேர்த்தால்தான் எந்த விளம்பரம் எந்த ஆர்டரைத் தந்தது என்பது தெரியும். சேர்த்தபின் நாமே ஒரு மாதிரி ஆர்டர் போட்டு, அது ஒரு முறைதான் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தை மறுபடி திறக்கும்போதெல்லாம் புதிய ஆர்டராகப் பதிவானால் 54 என்பது உண்மையில் 30 ஆக இருக்கலாம். எதிர்த்திசையிலும் பிழை நேரும்: விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பலர் வாட்ஸ்அப்பில் எழுதி, யுபிஐ மூலம் பணம் அனுப்பிவிடுகின்றனர், அவை அறிக்கையில் வருவதில்லை. விளம்பரத்தில் மட்டும் தனியொரு தொலைபேசி எண்ணைக் காட்டினால் இந்த விடுபடலை ஓரளவு ஈடுகட்டலாம். கடைக்கு நேரில் வருவோரிடம் "எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைப்பது பம்பரின் பயனை அறிய உதவும். கடைப்பெயரையே கூகுளில் தேடுவோர் அந்த மூன்று வாரத்தில் கூடினார்களா என்பதையும் உடன் பார்க்கலாம்.

கட்டணத்துக்காக அட்டையை இணைக்கும் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு செய்திகள். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று வரம்பு வைத்தால், சில நாட்களில் கூகுள் அதன் இரு மடங்கு வரை செலவிடக்கூடும். மாத மொத்தம் நாள் வரம்பின் 30.4 மடங்கைத் தாண்டாது. எனவே ஒரே நாளில் 2,000 ரூபாய் செலவானதைக் கண்டு அட்டையை முடக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் அதற்கேற்ற இருப்பு வேண்டும். அடுத்து, விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். ஜிஎஸ்டி பதிவுள்ள வணிகர் தம் பதிவு எண்ணை விளம்பரக் கணக்கின் கட்டணப் பகுதியில் முன்கூட்டியே இட்டால்தான் உள்ளீட்டு வரி வரவு கோரத்தக்க விலைப்பட்டியல் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 60,000 ரூபாய்க்கு அந்த வரி 10,800 ரூபாய்.